சூடா இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகலையா? பம்ப் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

காலையில ஒரே செல்ஃப்ல பிடிச்சிடும், கடைக்குப் போய் இருபது நிமிஷம் நிறுத்திட்டு வந்து சாவியைத் திருப்பினா அடிச்சுக்கிட்டே இருக்கணும், கூடவே பெட்ரோல் வாடை வேற. பழைய எம்பிஎஃப்ஐ கார் வச்சிருக்கறவங்க இந்த கம்ப்ளைன்ட்டோட வந்தா, புதுசா தொழில் கத்துக்கற பசங்க கார் பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஃப்யூயல் பம்ப் விலையை போன்ல கேக்க ஆரம்பிச்சிடறாங்க. ஃபில்டர் அடைப்பு, பேட்டரி டவுன் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை விட்டுடறேன். நான் பேசறது இன்ஜெக்டருக்கெல்லாம் பெட்ரோல் கொடுக்கற ரெயில்ல பிரஷர் ரெகுலேட்டர் உக்காந்து, மிச்ச பெட்ரோல் ரிட்டர்ன் ஹோஸ் வழியா டேங்க்குக்கே திரும்பிப் போற பழைய செட்டப் பத்தி.

பெட்ரோல் ஜாஸ்தியா கம்மியான்னு பாக்காம கை வைக்கறது

என்னை இன்னிக்கும் கடுப்பேத்தற தப்பு இதுதான். சூட்டுல ஸ்டார்ட் ஆகாததுக்கு ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரான ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, ஆஃப் பண்ணின உடனே ரெயில்ல பிரஷர் இறங்கிடுது, இன்ஜின் சூட்டுல உள்ள இருக்கற பெட்ரோல் ஆவியாகி, திரும்ப அடிக்கும்போது இன்ஜெக்டர் வழியா பெட்ரோலுக்குப் பதிலா ஆவிதான் வருது. இன்னொண்ணு, இன்ஜெக்டர் ஒழுகி நிறுத்தின நேரத்துல இன்டேக்ல பெட்ரோல் தேங்கி, அடிக்கும்போது காத்துக்கு ஏத்த அளவை விட பெட்ரோல் ஜாஸ்தியா இருக்கு.

பிரிச்சுப் பாக்க ஸ்பானர் கூட வேணாம். சாவியை ஆன் பொசிஷன்ல வச்சு பம்ப் ரெண்டு மூணு செகண்ட் ஓடி நிக்கறதைக் கேளுங்க, ஆஃப் பண்ணி இதையே இன்னும் ரெண்டு தடவை பண்ணிட்டு அடிங்க. டக்குன்னு பிடிச்சா பெட்ரோல் கம்மி, பிரஷர் எங்கயோ இறங்குது. அப்படியும் பிடிக்காம, ஆக்சிலரேட்டரை ஃபுல்லா மிதிச்சுக்கிட்டு அடிச்சா இருமிக்கிட்டே பிடிச்சு, பின்னாடி ஒரு வீச்சு கருப்புப் புகை தள்ளினா பெட்ரோல் ஜாஸ்தி. பெரும்பாலான கார்ல ஃபுல்லா மிதிச்சா ஈசியூ இன்ஜெக்ஷனை நிறுத்தி வெறும் காத்தை உள்ள விடும், அதான் தேங்கினது வெளியேறுது.

போன மாசம் வந்த ஒரு செடான்ல, முன்னாடி பாத்த வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல பம்ப் புதுசு, பிளக் நாலும் புதுசு, டெம்பரேச்சர் சென்சரும் புதுசு. அவ்வளவு செலவுக்கும் வாடை அப்படியே இருக்கு, ஃபுல்லா மிதிச்சாதான் பிடிக்குது. கார்க்காரருக்கே அது பழகிப்போய் தினமும் அப்படித்தான் எடுத்துக்கிட்டு இருந்தாராம், அதை யாரும் கேக்கவே இல்ல.

முதல்ல ரெகுலேட்டர் மேல இருக்கற சின்ன வாக்குவம் ஹோஸைக் கழட்டிப் பாத்தோம். உள்ள பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தா டயஃப்ரம் கிழிஞ்சு நேரா இன்டேக்குக்குள்ள பெட்ரோல் போகுதுன்னு அர்த்தம், அதோட வேலை முடிஞ்சது, ரெகுலேட்டர் மாத்திடலாம். இதுல காஞ்சு கிடந்தது. அப்புறம் ரெயில்ல கேஜ் மாட்டி ஓட விட்டோம், ஐடில்ல 2.5 பார், அந்த ஹோஸைக் கழட்டினதும் 3 பார், அதாவது ரெகுலேட்டர் ஒழுங்கா வேலை பாக்குது. பசங்க இதோட கேஜைக் கழட்டிடறாங்க, ஆனா நமக்கு வேண்டிய பதிலே ஆஃப் பண்ணின அப்புறம்தான் வரும். நல்ல வண்டியில இன்ஜின் சூட்டுக்கு முள்ளு கொஞ்சம் ஏறக்கூட செய்யும், அப்புறம் மெதுவாத்தான் இறங்கும். இதுல அஞ்சு நிமிஷத்துல 1 பாருக்குக் கீழ போயிடுச்சு.

திரும்ப ஓட விட்டு, ஆஃப் பண்ணின கையோட ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை வழவழப்பான கிளாம்ப்பால நசுக்கிப் பாத்தோம், அப்பவும் இறங்குது, அதனால ரெகுலேட்டர் சீட் காரணம் இல்ல. அடுத்து அதே மாதிரி சப்ளை ஹோஸையும் சேத்து நசுக்கினோம், அப்பவும் இறங்குது, அதனால பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பாம தடுக்கற பம்ப் செக் வால்வும் காரணம் இல்ல. மிச்சம் இன்ஜெக்டர்தான். பம்ப் ஓடும்போது ரிட்டர்னை நசுக்கிடாதீங்க, பிரஷர் தாறுமாறா ஏறி பழைய ஹோஸ் பிச்சுக்கும். பிளாஸ்டிக் பைப்பை எப்பவுமே நசுக்கக் கூடாது, உடைஞ்சிடும்.

இன்ஜின் நல்லா ஆறின பிறகு, வெட்டவெளியில, பக்கத்துல தீயணைப்பான் வச்சுக்கிட்டு, இன்ஜெக்டர் கனெக்டர், காயில் கனெக்டர் எல்லாம் கழட்டிட்டு ரெயிலை இன்ஜெக்டரோட அப்படியே தூக்கினோம். சில கார்ல இன்ஜெக்டரை ரெயில்ல பிடிக்க கிளிப்பே இருக்காது, பைண்டிங் வயர் போட்டு கட்டலைன்னா பிரஷர்ல பிச்சுக்கிட்டு வந்து மூஞ்சியில பெட்ரோல் அடிக்கும். கீழ டிஷ்யூ பேப்பர் விரிச்சு, செல்ஃப் அடிக்காம சாவியை மட்டும் ஆன் பண்ணினதும் மூணாவது இன்ஜெக்டர் முனையில முத்து மாதிரி ஒரு சொட்டு திரண்டு விழுந்துச்சு, அடுத்தது உடனே. சில மேனுவல்ல நிமிஷத்துக்கு ஒரு சொட்டுக்குள்ள இருந்தா பரவாயில்லைன்னு போட்டிருக்கும், இது அதெல்லாம் தாண்டிடுச்சு. புது பம்ப் போட்டதால என்ன ஆச்சுன்னா, ஒண்ணும் மாறல, இன்ஜெக்டர் ஒழுகிக்கிட்டேதான் இருந்துச்சு, அவ்வளவுதான்.

ஆயில் ஸ்டிக்கை மோந்து பாக்காம விடறது

ஒழுகற பெட்ரோல் எல்லாம் எரிஞ்சு போயிடறதில்ல. நிறுத்தி வச்ச நேரத்துல சிலிண்டர் சுவர்ல இருக்கற ஆயிலைக் கழுவிக்கிட்டு ரிங் வழியா கீழ இறங்கி ஆயில்ல கலக்குது. ஸ்டிக்ல லெவல் குறையாம மேல ஏறிக்கிட்டு இருந்தா சந்தோஷப்படாதீங்க, எடுத்து மோந்து பாருங்க, விரல்ல தேச்சா தண்ணி மாதிரி இருக்கும். அந்த ஆயிலோட ஓட்டினா பேரிங் தேயும், இன்னொரு பக்கம் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கிடும். இந்த ரெண்டோட செலவுக்கு முன்னாடி ஒரு இன்ஜெக்டர் ஒண்ணுமே இல்ல. அந்த செடான்ல இன்ஜெக்டர், ஓ-ரிங் மாத்தின கையோட ஆயிலும் ஃபில்டரும் மாத்தித்தான் கொடுத்தோம். ஆயில் மாத்தாம விட்டா கலந்த பெட்ரோல் சூட்டுல ஆவியாகி பிரீதர் வழியா இன்டேக்குக்கே வந்து, இன்ஜெக்டர் மாத்தியும் வாடை போகலைன்னு திரும்ப வருவாங்க.

டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பறது

நாசில் ஒரு தடவை கட் ஆனா நிறுத்துங்க.

அதுக்கு மேல ரவுண்டா ஒரு தொகை வரணும்னு ஊத்தற பெட்ரோல் ஆவி போற ஹோஸ் வழியா கேனிஸ்டருக்குள்ள போகுது. உள்ள இருக்கறது கரி, ஆவியைப் பிடிச்சு வச்சுக்கத்தான் அது, பெட்ரோல்ல ஊறிட்டா பெரும்பாலும் கேனிஸ்டரையே மாத்தணும்.

கேனிஸ்டர் கம்ப்ளைன்ட்டை இன்ஜெக்டர்னு நினைக்கறது

பங்க்ல பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட்டிங் ட்ரபிள், மத்த நேரத்துல ஒண்ணும் இல்லைன்னா இன்ஜெக்டர் பக்கம் போகாதீங்க, கேனிஸ்டர்ல பிடிச்ச ஆவியை இன்டேக்குக்கு விடற பர்ஜ் வால்வைப் பாருங்க. இன்ஜின் நிக்கும்போது அது மூடியிருக்கணும். வால்வோட ஹோஸைக் கழட்டி சுத்தமான சின்ன டியூப் மாட்டி ஊதினா காத்து போகக் கூடாது (உறிஞ்சிடாதீங்க, அந்தப் பக்கம் இருக்கறது பெட்ரோல் ஆவி). காத்து போச்சுன்னா வால்வு திறந்தே மாட்டிக்கிச்சு, டேங்க் ஆவி நேரா இன்டேக்குக்கு வருது. வாடை முன்னாடி இல்லாம பின் சீட், டிக்கி பக்கம் வந்தா ஃபில்லர் ஹோஸும் டேங்க் மேல போற ஆவி ஹோஸும் வெடிச்சிருக்கான்னு பாருங்க. இப்போ வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகறதில்ல.

கார்புரேட்டர் ஹோஸை ரெயிலுக்குப் போடறது

போடாதீங்க. இன்ஜெக்ஷன் பிரஷருக்குன்னு எழுதியிருக்கற ஹோஸ் மட்டும்தான்.