படத்தில் 148, கனடாவில் 8.2: இரத்த ரிப்போர்ட்டின் சீனி, கொழுப்பு அளவுகளை மாற்றிப் பார்க்கும் விதம்

கண்டாவளையில் இருக்கும் பெரியம்மா போன மாதம் கிளிநொச்சிக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைப் போனில் படம் எடுத்து, கனடாவில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டது. அன்று இரவே தம்பி எனக்கு எடுத்தான். “அக்கா, அம்மாவுக்குச் சீனி 148 எண்டு கிடக்கு. இஞ்சை வெறும் வயித்திலை 7க்கு மேலை போனாலே சீனி வருத்தம் எண்டு சொல்லுவினம். 148 எண்டால் என்ன கணக்கு?”

பயந்துபோய்த்தான் கேட்டான். அந்த 148 அவனுடைய ஊர்க் கணக்கில் 8.2. டொக்டரிடம் காட்ட வேண்டிய அளவுதான், ஆனால் அவன் நினைத்த மாதிரி இருபது மடங்கு ஏறிய சீனி இல்லை. நான் இங்கே பார்த்த ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் mg/dL என்ற அலகுதான் இருக்கிறது. கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியாவில் mmol/L. வன்னியில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு என்பதால், இந்தக் குழப்பம் பல வீடுகளில் வரும். பெரியம்மாவின் அந்த ரிப்போர்ட்டை வைத்தே முழுக் கணக்கையும் சொல்கிறேன்.

இரண்டு அலகு எதற்கு?

சந்தையில் கத்தரிக்காயை நிறுத்துத் தருவார்கள், தேங்காயை எண்ணித் தருவார்கள். இதுவும் அப்படித்தான். mg/dL என்பது நிறை: ஒரு டெசிலீற்றர், அதாவது 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் சீனி இருக்கிறது என்று சொல்கிறது. mmol/L என்பது எண்ணிக்கை: ஒரு லீற்றரில் எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்பதை மில்லிமோல் என்ற பெரிய கட்டுகளாக எண்ணிச் சொல்கிறது.

ஒரு மில்லிமோல் குளுக்கோஸ் 180 மில்லிகிராம் நிறை. ஒரு லீற்றரில் பத்து டெசிலீற்றர் இருப்பதால், டெசிலீற்றருக்கு 18 வருகிறது. கொலஸ்ட்ரோல் மூலக்கூறு குளுக்கோஸை விட இரண்டு மடங்குக்கு மேல் கனம், அதனால் அதற்கு 38.67. ட்ரைகிளிசரைட் அதையும் விடக் கனம், அதற்கு 88.57. ஆகவே எல்லா வரியையும் 18ஆல் பிரிக்க முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் எண் வேறு.

முதலில் படம்

கணக்குப் பிழைப்பதை விட, படத்தில் எண்ணைப் பிழையாக வாசிப்பதுதான் அதிகம் நடக்கிறது. ரிப்போர்ட்டை மேசையிலோ பாயிலோ மடிப்பில்லாமல் விரித்து, பகல் வெளிச்சத்தில் வைத்து, நேர் மேலே இருந்து எடுங்கள். சரிவாக எடுத்தால் ஒரு வரியின் எண் அடுத்த வரியின் பெயருக்கு நேரே நிற்பது போலத் தெரியும். பெயர், எண், அலகு, பக்கத்தில் இருக்கும் சாதாரண அளவு எல்லாம் ஒரே படத்தில் விழ வேண்டும். எண் மட்டும் பெரிதாகத் தெரியட்டும் என்று கிட்டப் போய் எடுத்தால், அலகு இருக்கும் பகுதி வெட்டுப்பட்டுவிடும். பெரியம்மாவின் படத்துக்கும் அதுதான் நடந்தது.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும், சின்ன எழுத்துக் கலங்கும். அதையே டொக்கியுமென்ற் ஆக அனுப்பினால் எடுத்தபடியே போகும்.

அலகைக் கண்டுபிடிப்பது

mg/dL, mg/dl, mg% என்று எப்படி இருந்தாலும் மூன்றும் ஒன்றுதான். அலகு வெட்டுப்பட்டிருந்தால், பக்கத்தில் இருக்கும் சாதாரண அளவைப் பாருங்கள். வெறும் வயிற்றுச் சீனிக்கு 70 – 100 போல இருந்தால் மில்லிகிராம். 3.9 – 5.6 போல இருந்தால் மில்லிமோல். அதுவும் தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம், படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். சீனி 30 என்று மட்டும் தெரிகிறது என்று வையுங்கள். மில்லிகிராம் என்றால் ஆள் மயங்கி விழக்கூடிய அளவுக்குக் குறைவு. மில்லிமோல் என்றால் 540, ஆபத்தான அளவுக்குக் கூட. எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான், ஆனால் இரண்டுக்கும் செய்யும் வைத்தியம் நேர் எதிர்.

பெரியம்மாவின் ரிப்போர்ட்

திரும்ப எடுத்த படத்தில் இருந்தவை இவை: வெறும் வயிற்றுச் சீனி, அதாவது FBS, 148. மொத்தக் கொலஸ்ட்ரோல் 286. ட்ரைகிளிசரைட் 190. HDL 41. LDL 157. அலகு எல்லாவற்றுக்கும் mg/dL.

மாற்ற முதல் இந்தக் கொழுப்பு எண்களை ஒருமுறை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். பல ஆய்வுகூடங்களில் LDLஐ நேரே அளப்பதில்லை, மற்ற மூன்றிலிருந்தும் கணித்தே எழுதுகிறார்கள். 1972இல் ஃப்ரீட்வால்டும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்ட வழி அது:

```
LDL = மொத்தம் − HDL − (ட்ரைகிளிசரைட் ÷ 5)
```

போட்டுப் பார்த்தேன். 190ஐ 5ஆல் பிரித்தால் 38. 286இலிருந்து 41ஐயும் 38ஐயும் கழித்தால் 207 வருகிறது. தாளில் 157 இருக்கிறது. சரியாக 50 இடிக்கிறது. இப்படி முழுசாக 50 வித்தியாசம் வந்தால் பத்தினிடத்து இலக்கம் ஒன்றைப் பிழையாக வாசித்திருக்கலாம். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால், தாளின் மடிப்பு மொத்தக் கொலஸ்ட்ரோல் வரியின் மேலாகவே போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் தாளை நேரே பார்க்கச் சொன்னேன். 286 இல்லை, 236. இப்போது 236 − 41 − 38 = 157. பொருந்திவிட்டது.

ஒன்று, இரண்டு வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம், அது தசமத்தை முழு எண்ணாக்கியதால் வருவது. LDLஐ நேரடியாக அளந்த ரிப்போர்ட் என்றால் இன்னும் கொஞ்சம் கூட விலகலாம். ட்ரைகிளிசரைட் 400க்கு மேல் போனால் இந்தச் சூத்திரமே பொருந்தாது, அப்போது இதை வைத்துப் பிழை பிடிக்கப் போகாதீர்கள்.

சரி, இனி மாற்றுவோம்.

```
சீனி             148 ÷ 18    = 8.2
மொத்தம்          236 ÷ 38.67 = 6.1
HDL              41 ÷ 38.67  = 1.1
LDL              157 ÷ 38.67 = 4.1
ட்ரைகிளிசரைட்    190 ÷ 88.57 = 2.1
```

தசமத்துக்குப் பின் ஒரு இலக்கம் போதும். மொத்தம், HDL, LDL மூன்றுக்கும் 38.67ஏதான், ஏனென்றால் மூன்றிலும் எண்ணப்படுவது கொலஸ்ட்ரோல்தான், அதைச் சுமந்து போகும் வண்டிதான் வேறு. ட்ரைகிளிசரைட் வேறு பொருள். தம்பி முதலில் இந்த இடத்தில்தான் சறுக்கினான். அதுவும் கொழுப்புத்தானே என்று 38.67ஆல் பிரித்து, 4.9 என்று வைத்துக்கொண்டு நின்றான். உண்மையான அளவின் இரண்டு மடங்குக்கு மேல்.

சாதாரண அளவையும் அதே எண்ணால் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய எண்ணை மாற்றாத எல்லையோடு ஒப்பிட்டால் எல்லாம் நல்லாக இருப்பது போலத் தெரியும். கொலஸ்ட்ரோல் 200 என்பது 5.2. ட்ரைகிளிசரைட் 150 என்பது 1.7. வெறும் வயிற்றுச் சீனியில் சீனி வருத்தம் என்று சொல்லும் எல்லை 126, அது 7.0. தம்பி சொன்ன 7 இதுதான்.

மறுபக்கம்: வெளிநாட்டு மெஷின்

விடுமுறைக்கு வருகிறவர்கள் சீனி பார்க்கும் மெஷின் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். இங்கிலாந்தில் வாங்கியது mmol/L இல்தான் காட்டும், பல மெஷின்களில் அதை மாற்றவும் முடியாது. கிளினிக் கொப்பியிலோ mg/dL இருக்கும். அப்போது 18ஆல் பெருக்க வேண்டும். 9.4 காட்டினால்:

```
9.4 × 18 = 169
```

கல்குலேற்றர் தேவையில்லை. 9.4ஐ இரட்டியுங்கள், 18.8. பத்தால் பெருக்குங்கள், 188. அதில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள், 169. பெரியம்மாவே இதை வாயால் கணக்குப் பார்ப்பார், நெல் விற்றுப் பழகிய ஆள்.

இந்த மெஷின்களில் நான் மிகவும் பயப்படுவது அந்தப் புள்ளிக்குத்தான். 17.2 என்று காட்டும்போது படம் எடுத்தால், கண்ணாடியில் வெளிச்சம் பட்டு புள்ளி மறைந்து 172 என்று தெரியும். 172 மில்லிகிராம் என்றால் சாப்பிட்டபின் பார்த்ததாக்கும் என்று விட்டுவிடுவோம். உண்மையில் 17.2 மில்லிமோல் என்பது 310. அதனால் மெஷினின் திரையில் எண்ணுக்குக் கீழே இருக்கும் அலகையும் சேர்த்தே வாசியுங்கள். mmol/L என்று இருந்து எண்ணில் புள்ளி தெரியாவிட்டால், அந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

மாற்றக்கூடாத வரிகள்

HbA1c என்ற மூன்று மாதச் சராசரிக்கு 18 பொருந்தாது. இங்கே அது சதவீதத்தில் வரும், இங்கிலாந்தில் mmol/mol என்று வரும். கடைசி எழுத்துகளைப் பாருங்கள், அது mmol/L இல்லை. சதவீதத்தில் இருந்து 2.15ஐக் கழித்து 10.929ஆல் பெருக்கினால் அந்த எண் வரும்: 7.4 சதவீதம் என்றால் 57. அந்த 57ஐச் சீனி என்று நினைத்து 18ஆல் பெருக்கினால் ஆயிரத்துக்கு மேல் போகும், யாருக்கும் நெஞ்சு அடைக்கும். மொத்தக் கொலஸ்ட்ரோலை HDLஆல் பிரித்து எழுதும் விகிதத்துக்கு அலகே இல்லை, அதை அப்படியே விட வேண்டும்.

அனுப்பும்போது

மாற்றிய எண்ணை மட்டும் அனுப்ப வேண்டாம். தாளில் இருந்த எண், அதன் அலகு, மாற்றியது, எப்போது எடுத்த இரத்தம் என்பதெல்லாம் ஒரே வரியில் இருந்தால், கணக்கில் பிழை இருந்தாலும் அடுத்தவர் பிடித்துவிடுவார். இங்கே கிளினிக்கில் காட்டுவது எப்போதும் தாளில் இருந்தபடியே இருக்கட்டும். கொப்பியில் நாங்கள் மாற்றிய எண்ணை எழுதினால், முந்தைய மாதங்களின் எண்களோடு ஒப்பிடும் வைத்தியருக்கு அது குழப்பம்.

தம்பிக்கு நான் அனுப்பியது இது:

```
வெறும் வயிறு: சீனி 148 mg/dL = 8.2 mmol/L
LDL 157 mg/dL = 4.1 mmol/L
ட்ரைகிளிசரைட் 190 mg/dL = 2.1 mmol/L
(மொத்தம் 236, 286 இல்லை)
```

அடுத்த நாள் காலையில் பெரியம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவன் வாகனத்துக்குக் காசு அனுப்பியிருந்தான்.