சுட்ட படமா, சொந்தப் படமா? பழைய பொருள் வாங்கும் முன் சரிபார்க்கும் முறை

ஆன்லைனில் ஒரு பழைய கேமரா விற்பனைக்கு வந்திருக்கிறது. ஐந்து படங்களும் பளிச்சென்று இருக்கின்றன, ஆனால் பார்க்க வருவதற்கு முன்பே விற்பவர் முன்பணம் கேட்கிறார். அந்தக் கேமரா அவர் கையில்தான் இருக்கிறதா, இல்லை வேறு யாரோ எப்போதோ போட்ட விளம்பரத்திலிருந்து படத்தைச் சுட்டுவிட்டாரா? இந்தக் கேமராவையே வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: பின்னணி தெரியும் படத்தைத் தேடுங்கள்

பலர் முதலில் இருக்கும் அழகான படத்தைத்தான் தேடிப் பார்ப்பார்கள். அதே மாடல் கேமராவை அதே கோணத்தில் எடுத்த படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடப்பதால், அதில் ஒன்றும் தெளிவாகாது. மேசையின் மர ரேகையோ திரைச்சீலையின் மடிப்போ தெரிகிற படத்தை எடுங்கள். அந்த மாடல் ஆயிரம் பேரிடம் இருக்கும், அந்த மேசை ஒருவரிடம்தான் இருக்கும்.

படத்தைச் சேமித்து, படத்தை வைத்தே இணையத்தில் தேடித் தரும் கூகுள் லென்ஸில் ஏற்றுங்கள். லென்ஸ் பெரும்பாலும் "இதே மாதிரி" பொருள்களைத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். `Exact matches` என்ற பகுதியைத் திறந்து, வந்த படங்களில் மேசையும் நிழலும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு அதே படத்தை `tineye.com` தளத்திலும் போட்டு, முடிவுகளை `Oldest` என்று வரிசைப்படுத்துங்கள். அங்கே தெரியும் தேதி, அந்தத் தளம் படத்தை முதன்முதலில் கண்ட நாள். படம் அதற்கு முன்பே வெளியாகியிருக்கலாம்.

படி 2: இடவலம் மாற்றியும் தேடுங்கள்

நம் கேமராவுக்கு முதல் தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். படத்தைச் சுடுபவர்கள் அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிப் போடுவதுண்டு, அப்படிச் செய்தால் தேடுபொறி தவறவிட வாய்ப்பு அதிகம்.

திருப்பியதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். கேமராவை வலது கையால் பிடித்து, வலது ஆள்காட்டி விரலால்தான் படம் எடுக்கிறோம். ஆகவே முன்பக்கமிருந்து பார்க்கும்போது கைப்பிடி படத்தின் இடப்பக்கம் இருக்க வேண்டும். நம் படத்தில் அது வலப்பக்கம் இருக்கிறது. போதாததற்கு, கம்பெனிப் பெயர் இருக்கும் இடத்தை ஒரு விரல் மறைக்கிறது. எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்துவிடும் என்ற பயம்தான், வேறென்ன!

போனில் படத்தைத் திருத்தும் இடத்திலேயே இடவலம் மாற்றும் பொத்தான் இருக்கும். மாற்றிவிட்டு மறுபடி தேடினால், போன வருட விளம்பரம் ஒன்று சிக்குகிறது. விற்பவர் பெயரும் ஊரும் வேறு. ஆனால் கேமராவுக்குக் கீழே, மேசையில் அதே கரும்புள்ளி.

படி 3: அவசரப்பட்டுத் திருடன் என்று சொல்லாதீர்கள்

ஒரே ஆள் தன் பொருளை மூன்று தளங்களில் போடுவது சாதாரணம். பெயர், ஊர், விலை, தேதி நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிக்காத புதுப் பெட்டியை விற்பவர் கம்பெனிப் படத்தைப் போட்டிருந்தாலும் குற்றமில்லை. பழைய பொருளுக்கு அதைப் போட்டால்தான் சந்தேகம்.

தேடலில் ஒன்றும் வராததை வைத்துப் படம் சொந்தமானது என்றும் முடிவு கட்ட முடியாது. உள்நுழைந்தால் மட்டுமே தெரியும் பக்கங்களும் தனிக் குழுக்களும் தேடுபொறிக்கு எட்டாதவை. படத்துக்குள் பதிவாகும் நாள், இடம் போன்ற விவரங்களை நம்பியும் பயனில்லை. பெரும்பாலான தளங்கள் ஏற்றும்போதே அவற்றை நீக்கிவிடுகின்றன.

படி 4: புதுப் படம் கேளுங்கள்

தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, தாளைப் பழைய படத்தில் ஒட்டிவிடலாம். பொருளைக் கையால் தொட்டால்தான் எடுக்க முடிகிற படமாகக் கேளுங்கள்: "லென்ஸைக் கழற்றி, பேட்டரி மூடியைத் திறந்து, கேமராவைக் கவிழ்த்து வைத்து ஒரு படம் அனுப்புங்களேன்." வந்த படத்தில் இருக்கும் கீறல், விளம்பரப் படத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

இதையும் தாண்டுகிறவர்கள் உண்டு. உண்மையான உரிமையாளரிடம் வாங்குபவர்போல் பேசி, நீங்கள் கேட்ட அதே படத்தை அவரிடம் வாங்கி உங்களுக்கு அனுப்புவார்கள். அதனால் கடைசியாக ஒரு வீடியோ அழைப்பு பேசிவிடுங்கள். பேச்சின் நடுவில், முன்கூட்டிச் சொல்லாமல், "அந்த மூடியை இப்போது திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். பொருள் பக்கத்தில் இருப்பவருக்கு அது சில நொடி வேலை. "கேமரா தம்பி வீட்டில் இருக்கிறது" என்று பதில் வந்தால், தம்பி வீட்டுக்கே அழைப்பை மாற்றச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் அனுப்ப வேண்டாம்.