பணம் நின்றுபோனால் வங்கிக்கு மூல வரியையே எழுதுங்கள்

வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் தடைபட்டு, பிழைச் செய்தி வேற்று மொழியில் வந்ததா? வங்கிக்கு எழுதும் கடிதத்தில் அந்த வரியை மூல மொழியிலேயே கையால் தட்டச்சு செய்து, மொழிபெயர்ப்பை அதன் கீழே தாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மொழிபெயர்க்கும் செயலி, AC01 என்ற பிழைக் குறியீட்டிலுள்ள பூஜ்யத்தை O என்று படித்துவிடலாம். ‘நிறுத்திவைப்பு’ ‘நிராகரிப்பு’ ஆகிவிடலாம். வங்கி தேடுவது குறியீட்டைத்தான்: AC01 என்றால் கணக்கு எண் தவறு, RR04 என்றால் ஒழுங்குமுறைக் காரணம். இரண்டுக்கும் தீர்வு வேறு. தேதி, தொகை, நாணயத்தோடு 36 எழுத்துள்ள UETR என்ற பரிமாற்ற அடையாள எண்ணையும் சேருங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

கணக்கிலிருந்து பணமே கழியவில்லை என்றால் UETR பெரும்பாலும் இருக்காது. அப்போது பிழை வரியும் நேரமும் போதும்.