அப்பாவின் கேன்சர் டாக்டருக்கு எழுதும் கடிதத்தில் நான் செய்த தவறு

மஸ்கட்டில் என்னோடு அறையில் இருக்கும் தக்கலைப் பெண், ஊரில் அவள் அப்பாவைப் பார்க்கும் டாக்டருக்கு எழுதிய கடிதத்தைப் போன வாரம் காட்டினாள். "அப்பாவின் முழு விவரத்தையும் அனுப்புங்கள் டாக்டர்." சில வருடம் முன்னால் நான் எழுதியதும் இதே வரிதான். மரியாதையாக எழுது, தேதி போடு என்பதெல்லாம் அவளுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

"முழு விவரம்" என்று கேட்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. இப்படிக் கேட்டால் பெரும்பாலும் வருவது டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது ஒரு தடவை அட்மிட் ஆன கதை மட்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் கீமோவுக்குச் சில இடங்களில் ஒரு சீட்டுதான் மிஞ்சும்.

என் அப்பாவுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டில் கீமோ ஆறு சுற்று. நோய் திரும்பியதோ என்று சந்தேகம் வந்து வேறு டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, அந்தக் கூட்டில் உள்ள டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத்தான். அந்தச் சிவப்பு மருந்து இதயத்தைப் பலவீனமாக்கக்கூடியது, அதனால் ஆயுள் முழுக்கச் சேர்த்துக் கணக்கு வைப்பார்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 மில்லிகிராமை நெருங்கினாலே யோசிப்பார்கள்.

என்னிடம் கணக்கு இல்லை. நாகர்கோவிலில் அண்ணன் மருந்து பில்லைப் பிரித்து எண்ணினான்: சுற்றுக்கு 50 மி.கி. குப்பி இரண்டு, ஆறு சுற்றுக்கு 600. 450-ஐத் தாண்டிவிட்டது என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். உண்மையில் அப்பாவின் உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர், ஒரு சுற்றுக்கு ஏறியது 80 மி.கி., குப்பியில் மிச்சம் இருந்ததைக் கொட்டிவிட்டார்கள். ஆக மொத்தம் 480, அதை 1.6-ஆல் வகுத்தால் 300. இந்த ஒரு எண் கைக்கு வர மூன்று வாரம் ஆனது.

அதனால் "சிகிச்சைச் சுருக்கம்" என்றே கேளுங்கள், வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நோயின் பெயரும் ஸ்டேஜும், ஒவ்வொரு சுற்றின் தேதி, மருந்து, உண்மையில் கொடுத்த அளவு, குறைத்திருந்தால் ஏன், டாக்ஸோரூபிசின் மொத்தம் சதுர மீட்டர் கணக்கில், கடைசி ஸ்கேன் முடிவு. கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எந்த இடத்தில், கிரே என்ற கதிர்வீச்சு அளவில் மொத்தம் எவ்வளவு, எத்தனை தடவை.

அப்பாவின் கையெழுத்து இல்லாமல் அனுப்புவது

மகள் என்றாலும் நோயாளி நீங்கள் இல்லை. "என் மகளிடம் கொடுக்கலாம்" என்று அப்பா கையெழுத்திட்ட தாளை இணையுங்கள். அப்பாவிடம் நோயின் பெயரையே சொல்லாத வீடு என்றால் இங்கேதான் மாட்டும், அதை முதலில் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

72 மணி நேரச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவது

கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கும் ஆவணங்களுக்கு. சுருக்கத்தை டாக்டர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ்

கூடாது.

ஓ.பி. நம்பரை விடுவது

முதல் வரியிலேயே எழுதுங்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரே பெயரில் பத்து செல்லப்பன்கள் இருப்பார்கள்.