முதல் வகைக்கெழுவின் குறி: சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது?

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை என்னிடம் டியூஷனுக்கு வரும் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் f'(x) = 0 வரைக்கும் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். மார்க் போவது அதற்கு அடுத்த வரியில். எண்கோட்டில் குறிகளை பிளஸ், மைனஸ், பிளஸ் என்று மாற்றி மாற்றி எழுதிவிடுகிறார்கள். குறி அப்படித் தானாக மாறாது. இந்தக் கணக்கைப் பாருங்கள்:

```
f(x)  = x^4 - 4x^3
f'(x) = 4x^3 - 12x^2
      = 4x^2 (x - 3)
```

முதலில் வகைக்கெழு எடுத்தோம், அப்புறம் காரணிப்படுத்தினோம். காரணிப்படுத்தாமல் மேலே போகாதீர்கள், குறியைச் சொல்லப்போவது காரணிகள்தான். f'(x) = 0 ஆவது x = 0, x = 3 என்ற இரண்டு இடங்களில். அவை எண்கோட்டை மூன்று துண்டாக வெட்டுகின்றன. ஒவ்வொரு துண்டிலிருந்தும் வசதியான ஓர் எண்ணை எடுத்து f' இல் போடுங்கள்:

```
x < 0      f'(-1) = -16   மைனஸ்
0 < x < 3  f'(1)  = -8    மைனஸ்
x > 3      f'(4)  = 64    பிளஸ்
```

ஒரு துண்டுக்கு ஓர் எண் ஏன் போதும்? இந்த f' தொடர்ச்சியானது. பூஜ்ஜியத்தைத் தொடாமல் அதன் குறி மாறவே முடியாது, துண்டுக்குள்ளே பூஜ்ஜியமும் இல்லை.

x = 0 இல் குறி மாறவில்லை, கவனித்தீர்களா? காரணம் x^2. வர்க்கம் இரு பக்கமும் பிளஸ்தான், அதனால் குறியை (x - 3) மட்டுமே முடிவு செய்கிறது. f' மைனஸ் என்றால் சார்பு இறங்கும், பிளஸ் என்றால் ஏறும். சார்பு x < 3 முழுவதும் இறங்குகிறது, x > 3 இல் ஏறுகிறது. 0 இல் சாய்வு ஒரு கணம் பூஜ்ஜியமானாலும் இறக்கம் நிற்பதில்லை. சந்தேகம் இருந்தால் மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள்: f(-1) = 5, f(0) = 0, f(1) = -3, f(3) = -27.

சரி, இப்போது இன்னொன்று. f' பூஜ்ஜியமாகும் இடங்களை மட்டும் குறித்தால் இதில் மாட்டிக்கொள்வீர்கள்:

```
f(x)  = x + 4/x
f'(x) = 1 - 4/x^2 = (x^2 - 4)/x^2
```

f'(x) = 0 தருவது -2, 2. ஆனால் x = 0 இல் சார்பே கிடையாது, அதையும் கோட்டில் குறிக்க வேண்டும். ஆக நான்கு துண்டுகள். கீழே உள்ள x^2 எப்போதும் பிளஸ், அதனால் x^2 - 4 இன் குறியைப் பார்த்தாலே போதும். x < -2 இலும் x > 2 இலும் ஏறுகிறது. -2 < x < 0 இலும் 0 < x < 2 இலும் இறங்குகிறது.

கடைசி இரண்டையும் சேர்த்து "-2 முதல் 2 வரை இறங்குகிறது" என்று எழுதினால் தப்பு. f(-1) = -5, f(1) = 5. வலப்பக்கம் போனபோது மதிப்பு கூடியிருக்கிறது! முதல் கணக்கில் 0 இல் சார்பு இருந்தது, வளைவு அறுபடவில்லை, அதனால் துண்டுகளைச் சேர்த்தோம். இங்கே வளைவு 0 இல் அறுந்துபோகிறது. அதனால் இரண்டு இடைவெளிகளையும் தனித்தனியாகவே எழுதுங்கள்.