வாக்கெடுப்பை அழித்தால் வாக்குகள் எங்கே போகும்?

எங்கள் குளத்து வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிக்க, கமக்காரர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்புப் போட்டேன். சனி 14, ஞாயிறு 15, போயா என்று மூன்று தெரிவுகள். அடுத்த நாள் இரவுக்குள் 38 பேர் வாக்களித்து விட்டார்கள். சனிக்கு 22, ஞாயிறுக்கு 9, போயாவுக்கு 7. அதற்குப் பிறகுதான் ஒருவர் கேட்டார்: "தம்பி, சனி 13 எல்லோ?"

நான் உடனே "Delete for everyone" அமத்திவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். அங்கேதான் பிழைத்தது.

வட்ஸ்அப்பில் வாக்குகள் அந்த ஒரு செய்தியோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. செய்தி போனால் அவையும் போகும். புதிய வாக்கெடுப்பு பழையதன் தொடர்ச்சி அல்ல, பூச்சியத்திலிருந்து தொடங்கும். செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதால், யார் எதற்கு வாக்களித்தார் என்று நிறுவனத்திடம் கேட்டு எடுக்கவும் வழியில்லை. இரண்டாவதற்கு 19 பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் "நான் முந்தியே போட்டிட்டன்" என்று இருந்துவிட்டார்கள். கவரேஜ் இல்லாத வயற்கரையில் நின்றவர்களுக்கோ முதலாவது கண்ணிலேயே படவில்லை. செய்தி அழிக்கப்பட்டது என்ற வரியைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் பதில்கள் அழியவில்லை! வாக்கெடுப்பை இழுத்துப் பதில் எழுதியவர்களின் செய்திகள் அவரவருடையவை, அவை அப்படியே நிற்கும். மேற்கோளில் கேள்வி தெரியும், தெரிவுகள் தெரியாது. ஒருவர் "முதலாவதுக்கு லாண்ட்மாஸ்டரோட வாறன்" என்று எழுதியிருந்தார். நான் இரண்டாவது வாக்கெடுப்பில் போயாவை முதலில் போட்டுவிட்டேன். அவர் சொன்னது சனியை. குழுவைப் பின்னேரம் திறந்த செயலாளர் போயா என்று எழுதிக்கொண்டார்.

சரி, அழிக்காமல் என்ன செய்திருக்கலாம்? எழுத்துப் பிழை மட்டும் என்றால் ஒன்றுமே வேண்டாம்; கீழே ஒரு திருத்தம் எழுதினால் போதும். வாக்கை மாற்ற விரும்புகிறவர் வேறு தெரிவை அமத்தி மாற்றிக்கொள்ளலாம். எனது பிழை அப்படிப்பட்டதல்ல. சனி 14 என்பதற்கு வாக்களித்தவர்களில் யார் கிழமையைப் பார்த்தார், யார் திகதியைப் பார்த்தார் என்று தெரியாது. அதை அழித்தது சரிதான், அழித்த விதம்தான் பிழை. முதலில் "View votes" திறந்து, பெயர்களோடு படம் பிடித்திருக்க வேண்டும். உரையாடலை ஏற்றுமதி செய்தால் எண்ணிக்கைதான் வரும், பெயர் வராது. பிறகு "பழையது செல்லாது, எல்லோரும் திரும்பப் போடுங்கோ" என்று எழுதி, தெரிவுகளை அதே ஒழுங்கில் வைத்து, வாக்களித்த 38 பேரையும் பெயர் சொல்லி அழைத்திருக்க வேண்டும். அதற்கு நேரம் இருந்தது. எல்லோருக்குமாக அழிக்கும் வசதி அனுப்பிய பிறகு இரண்டு நாளுக்கு மேல் இருக்கும்; அது கடந்தால் அந்தத் தெரிவே வராது.

இன்னொரு பிழை இதைவிட மோசம்: "Delete for me". உங்கள் போனில் மட்டும் மறையும். மற்றவர்கள் அதே வாக்கெடுப்பில் தொடர்ந்து வாக்களித்துக்கொண்டிருப்பார்கள், போட்டவருக்கு முடிவு தெரியாது. பிறகு எல்லோருக்குமாக அழிக்கவும் அவருக்குக் கையில் செய்தி இல்லை. தவறி அமத்தினால் கீழே சில நொடிகள் மட்டும் "Undo" வரும். அது போய்விட்டால், குழு நிர்வாகி ஒருவரிடம் சொல்லித்தான் அழிக்க வேண்டும்.

மேலே குத்திவைத்த செய்திக்கும் இதே குழப்பம் உண்டு. குத்தும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். காலம் முடிந்தால் மேலே உள்ள பட்டைதான் போகும்; செய்தியும் வாக்குகளும் உரையாடலுக்குள் பழைய இடத்திலேயே இருக்கும். அது தெரியாமல் யாராவது "வாக்கெடுப்பைக் காணேல்லை" என்று புதிதாக ஒன்று போடுவார். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடி, வாக்குகள் பிரிந்துபோகும். பழையதைத் தேடி மறுபடி குத்துவதுதான் வழி. மாறாக, பட்டையை எடுக்க நினைத்துச் செய்தியையே எல்லோருக்குமாக அழித்தால், பட்டையோடு வாக்குகளும் போய்விடும். அதற்கு "Unpin" என்று தனியாக ஒன்று இருக்கிறது.

டெலிகிராமில் வாக்கெடுப்பை நிறுத்தும் தெரிவு இருக்கிறது. நிறுத்தினால் புதிய வாக்கு விழாது, முடிவு அப்படியே நிற்கும். அங்கு அழிக்க வேண்டிய தேவை அபூர்வம்.

லாண்ட்மாஸ்டர்காரர் சனிக்கிழமை காலை ஆறரைக்கே துருசடியில் வந்து நின்றார். நாங்கள் இரண்டாவது வாக்கெடுப்பின்படி ஞாயிறுதான் போனோம்.