தீபாவளி விற்பனையில் டிவி வாங்குகிறீர்களா? உண்மை விலையைக் கணக்கிடும் முறை

அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவலும் ஃபிளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸும் நவராத்திரியை ஒட்டித் தொடங்கிவிடும். அந்த நாட்களில் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் எண் பெரும்பாலும் நீங்கள் கட்டப்போகும் தொகை அல்ல. கடைசியில் எவ்வளவு போகும் என்பதை 43 இன்ச் டிவி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக.

1. முதலில் மாடல் எண்

"43 இன்ச் 4K" என்று தேடி இரண்டு தளங்களின் விலையை ஒப்பிட்டால் கணக்கு ஆரம்பத்திலேயே தவறிவிடும். ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஒரே தோற்றம் இருந்தாலும் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் மாறினால் வெளிவந்த ஆண்டு, ஸ்பீக்கர் வாட்ஸ், போர்ட்களின் எண்ணிக்கை எல்லாம் மாறலாம். விவரக்குறிப்புப் பகுதியில் உள்ள முழு மாடல் எண்ணைக் காப்பி செய்து, இன்னொரு தளத்திலும் பிராண்டின் சொந்தத் தளத்திலும் அதையே தேடுங்கள்.

2. பழைய விலையைப் பாருங்கள்

கோடு போட்டு அடித்திருக்கும் எம்.ஆர்.பி.யை மறந்துவிடுங்கள். அந்த விலைக்கு ஆண்டு முழுவதும் யாருமே வாங்காமல் இருந்திருக்கலாம். amazon.in பொருட்களுக்கு Keepa-வும், ஃபிளிப்கார்ட்டையும் சேர்த்துப் பார்க்க BuyHatke-வும் விலை வரலாற்றை வரைபடமாகக் காட்டும். கடந்த மூன்று மாதங்களில் பொருள் பெரும்பாலான நாட்கள் எந்த விலையில் இருந்தது என்று பாருங்கள். அதுதான் ஒப்பிட வேண்டிய விலை. விற்பனைக்கு ஓரிரு வாரம் முன்பு கோடு மேலே ஏறி, விற்பனை நாளில் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தால் அது தள்ளுபடியே இல்லை. இந்த வரைபடங்களில் வங்கித் தள்ளுபடி பொதுவாகச் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. கூப்பன், கார்டு, இ.எம்.ஐ.

அ தளத்தில் டிவி ₹26,999. விலைக்குக் கீழே ₹1,000 கூப்பன் இருக்கிறது. அந்தச் சிறு கட்டத்தை நீங்களே டிக் செய்யாவிட்டால் தள்ளுபடி கிடைக்காது. டிக் செய்தால் ₹25,999. அடுத்து "குறிப்பிட்ட வங்கி கார்டுக்கு 10% தள்ளுபடி" என்கிறார்கள். 10% என்றால் சுமார் ₹2,600 என்று மனம் கணக்குப் போடும். நிபந்தனைகளைத் திறந்தால் "அதிகபட்சம் ₹1,500" என்றிருக்கும். ஆக, ₹24,499.

ஆ தளத்தில் அதே மாடல் நேரடியாக ₹24,999. கூப்பனும் இல்லை, கார்டும் தேவையில்லை. அ தளம் ₹500 மலிவு என்று தோன்றுகிறது.

இப்போது அ தளத்தில் ஆறு மாத நோ-காஸ்ட் இ.எம்.ஐ. தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வட்டித் தொகையைத் தள்ளுபடியாக முன்பே கழித்துவிடுவார்கள், சரி. ஆனால் அந்த வட்டி மீதான 18% ஜி.எஸ்.டி.யை வங்கி உங்களிடம் வாங்கும். வட்டி ₹1,100 என்றால் வரி ₹198. செயலாக்கக் கட்டணம் ₹199 என்றால் அதற்கும் வரி சேர்த்து ₹235. மொத்தம் ₹24,932. ₹500 லாபம் ₹67 ஆகிவிட்டது. கையில் பணம் இருந்தால் இ.எம்.ஐ. வேண்டாம்.

சின்னப் பொருட்களில் இன்னொரு சிக்கல் வரும். வங்கித் தள்ளுபடிக்குக் குறைந்தபட்ச ஆர்டர் ₹5,000 என்றிருக்க, ₹5,299 இயர்பட்ஸுக்கு ₹500 கூப்பன் போட்டால் தொகை ₹4,799-க்கு இறங்கிவிடும். வங்கித் தள்ளுபடி கைவிட்டுப் போகலாம். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத்தை மட்டும் ஒப்பிடுங்கள். தளக் கட்டணம், டெலிவரிக் கட்டணம் எல்லாம் அங்கேதான் தெரியும்.

4. விற்பனையாளர் யார்?

பொருளுக்குக் கிடைத்த நட்சத்திரம் வேறு, விற்பவருக்குக் கிடைத்த நட்சத்திரம் வேறு. அமேசானில் "Sold by" என்பதற்கு அருகிலுள்ள பெயரைத் தட்டினால் விற்பனையாளரின் மதிப்பீடு கால வாரியாக வரும். ஓராண்டு மதிப்பீடு நன்றாக இருந்து கடைசி 30 நாள் சரிந்திருந்தால் ஒதுங்கிவிடுங்கள். வெறும் முப்பது, நாற்பது பேர் கொடுத்த 5 நட்சத்திரத்தைவிட, ஆயிரக்கணக்கானோர் கொடுத்த 4.3 நம்பகமானது. ஒற்றை நட்சத்திரக் கருத்துகளில் "டெலிவரி தாமதம்" என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். "பிரித்த பெட்டி", "வேறு பொருள்", "பில் தரவில்லை" என்பவை திரும்பத் திரும்ப வந்தால் வாங்காதீர்கள், ஏனென்றால் சரியான பில் இல்லாமல் வாரண்டி கேட்பது கஷ்டம்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விற்பனை சூடாக நடக்கும்போது முதல் விற்பனையாளரிடம் சரக்கு தீர்ந்தால், அதே பக்கத்தில் வேறொருவர் பெயர் வந்து உட்கார்ந்துவிடும். படமும் நட்சத்திரமும் அப்படியே இருக்கும். காலையில் கார்ட்டில் போட்டதை இரவில் வாங்குகிறீர்கள் என்றால் பெயரை மறுபடி பாருங்கள். நம் உதாரணத்தில் அ தளத்தின் விற்பனையாளர் புதியவர் என்றால், அந்த ₹67-ஐ விட்டுவிட்டு ஆ தளத்திலேயே வாங்கலாம்.

5. பெட்டி வந்ததும்

டிவி, லேப்டாப்புக்குப் பெரும்பாலும் சில நாட்களுக்குள் மாற்றித் தருவார்கள், பணம் திரும்பாது. ஆர்டருக்கு முன்பே அந்த வரியைப் படியுங்கள். திறந்து காட்டித் தரும் வசதி இருந்தால், பொருளைப் பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். இல்லையென்றால் ஒட்டிய டேப்பிலிருந்து தொடங்கி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பெட்டியிலும் கருவியிலும் உள்ள சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும், பில்லில் அச்சிட்டிருந்தால் அதோடும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அன்றே தளத்தில் புகார் பதிந்து, தீர்வு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.